வணிக விதிகளின் இருப்பிடம்: பெங்களூரில் மூன்று வழிகள்

ஒரு வணிக விதியை டேட்டாபேஸுக்குள் ஸ்டோர்டு ப்ரொசீஜராக வைப்பதா, அப்ளிகேஷன் நிரலில் வைப்பதா என்ற கேள்விக்குப் பெங்களூரில் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வங்கி மென்பொருளில் ஊறியவர்கள் டேட்டாபேஸ் என்பார்கள். ஸ்டார்ட்அப்களில் வளர்ந்தவர்கள் நிரல் என்பார்கள். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் நான்கைந்து பேர் உள்ள குழுவுக்கு இரண்டுமே முழுசாகப் பொருந்துவதில்லை.

டேட்டாபேஸுக்குள் வைக்கும் முதல் வழிக்குச் சிறந்த சான்று ஃபிளெக்ஸ்கியூப் என்ற வங்கி மென்பொருள். சிட்டிகார்ப்பின் மென்பொருள் நிறுவனமாகத் தொடங்கி ஐ-ஃபிளெக்ஸ் என்று பெயர் மாறி, பின்னர் ஆரக்கிள் வசம் போன நிறுவனத்தின் தயாரிப்பு அது. அதன் வட்டிக் கணக்கும் நாள் முடிவுக் கணக்கும் பெருமளவு பி.எல்./எஸ்.க்யூ.எல். பேக்கேஜ்களாக ஆரக்கிள் டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடின. அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவு. கிளைகளில் இருந்த கணினிகளில் விதியை வைத்தால் வட்டி முறை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு கணினியையும் தொட வேண்டும். டேட்டாபேஸில் வைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். இரவில் லட்சக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போடும்போது தரவை வெளியே இழுத்துத் திருப்பி எழுதும் அலைச்சலும் இல்லை. ஆனால் இந்த வழிக்குப் பின்னால் ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கும் டி.பி.ஏ.க்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சிறு குழுவிடம் இல்லாதது அதுதான்.

இரண்டாம் வழி 2000-களில் ஹைபர்னேட், ரெயில்ஸ் போன்றவற்றோடு பரவியது. டேட்டாபேஸ் வெறும் சேமிப்புக் கிடங்கு, அறிவெல்லாம் நிரலில் என்பது அதன் கொள்கை. விதியைப் படிக்கவும் சோதிக்கவும் பழைய நிலைக்குத் திருப்பவும் இது எளிது. இதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது.

நான் இங்கே விரிவாகப் பேச விரும்புவது மூன்றாம் வழியை. அதற்கு நல்ல உதாரணம் பெங்களூரிலேயே, யாரும் திறந்து படிக்கும்படி இருக்கிறது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் உருவாக்கி 2019-இல் வெளியிட்ட லிஸ்ட்மங்க் என்ற திறமூல மடல் அனுப்பும் மென்பொருள் அது. கோ மொழியில் எழுதப்பட்டது, பின்னால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்.

அதில் ஒரு வணிக விதியை எடுத்துக்கொள்வோம். ஒரு மடல் யாருக்குப் போக வேண்டும்? பட்டியல் இரட்டை ஒப்புதல் வகையைச் சேர்ந்ததென்றால், உறுதிசெய்யும் இணைப்பைச் சொடுக்கியவருக்கு மட்டுமே போக வேண்டும். சாதாரணப் பட்டியல் என்றால் விலகாத எல்லோருக்கும் போகலாம். இதில் தவறினால் ஒப்புதல் தராதவர் பெட்டியில் மடல் விழும். அவர் அதை ஸ்பாம் என்று குறிப்பார், அனுப்பும் டொமைனின் பெயர் கெடும். விதியின் சாரம் இவ்வளவுதான்:

```sql
CASE
  WHEN lists.optin = 'double'
    THEN subscriber_lists.status = 'confirmed'
  ELSE subscriber_lists.status != 'unsubscribed'
END
```

இது எஸ்.க்யூ.எல். ஆனால் ஸ்டோர்டு ப்ரொசீஜர் அல்ல. `queries.sql` என்ற சாதாரணக் கோப்பில், ஒவ்வொரு கேள்விக்கும் மேலே `-- name:` என்று பெயரிட்டு, மற்ற நிரலோடு சேர்ந்து கிட்டில் இருக்கும்படி உருவான அமைப்பு. நிரல் எழும்போது கோயெஸ்க்யூஎல் என்ற சிறு நூலகம் கோப்பைப் படித்து, கேள்விகளை டேட்டாபேஸிடம் கொடுத்துத் தயார்செய்துகொள்கிறது. ஆக, விதி ஓடுவது டேட்டாபேஸில், குடியிருப்பது நிரலோடு. பத்து லட்சம் சந்தாதாரர்களை கோ நிரலுக்கு இழுத்து ஒவ்வொருவராக வடிகட்ட வேண்டியதில்லை. விதி மாறினால் மாற்றம் வழக்கமான மதிப்பாய்வுக்கு வரும். பழைய பதிப்புக்குத் திரும்பினால் விதியும் கூடவே திரும்பும்.

இந்த வழியின் பெரிய ஆதாயம் தவறு வெளிப்படும் நேரத்தில் இருக்கிறது. யாரோ `status` என்ற பத்தியின் பெயரை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கேள்விகள் தொடக்கத்திலேயே தயாராவதால், டேட்டாபேஸ் அந்தப் பத்தி இல்லை என்று சொல்லிவிடும், நிரல் எழ மறுக்கும். புதிய பதிப்பை ஏற்றிய நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இதே விதியைப் பி.எல்./பி.ஜி.எஸ்.க்யூ.எல். ஃபங்ஷனாக எழுதியிருந்தால், உருவாக்கும்போது போஸ்ட்கிரஸ் இலக்கணத்தை மட்டுமே பார்க்கும். உள்ளே குறிப்பிட்ட பத்தி இருக்கிறதா என்பது அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். மாதம் ஒருமுறை ஓடும் ஃபங்ஷன் என்றால் மாதக் கடைசியில் தெரியும்.

இன்னொரு பொறி இதைவிட மோசம். ஃபங்ஷனுக்குப் புதிதாக ஓர் அளவுரு சேர்த்து `CREATE OR REPLACE FUNCTION` ஓட்டினால் பழையது மாறுவதில்லை. அளவுருக்கள் வேறு என்பதால் அதே பெயரில் இரண்டாவது ஃபங்ஷன் பிறக்கும். பழைய அழைப்புகள் எந்தப் பிழையும் காட்டாமல் பழைய விதியையே பின்பற்றிக்கொண்டிருக்கும். `pg_proc`-இல் ஒரே பெயர் இரண்டு முறை தெரிகிறதா என்று பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கும் வழி. அவசரத்துக்கு யாராவது தயாரிப்புச் சூழலில் நேரடியாகத் திருத்தியிருந்தால் அது கிட்டுக்குத் தெரியவே தெரியாது. `pg_get_functiondef` தரும் உரையைக் கோப்போடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். ஷிஃப்ட் டி.பி.ஏ. இல்லாத குழுவில் இந்த ஒப்பீட்டை யார் தவறாமல் செய்வார்?

அதற்காக எல்லாவற்றையும் நிரலுக்குக் கொண்டுபோவதும் சரியல்ல. ஒருவர் பதிவுப் படிவத்தில் பொறுமையிழந்து பொத்தானை இருமுறை அழுத்துகிறார். இரண்டு கோரிக்கைகள் ஏறக்குறைய ஒரே கணத்தில் வருகின்றன. முதலாவது இந்த மின்னஞ்சல் இருக்கிறதா என்று கேட்கிறது, இல்லை என்று பதில் வருகிறது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் கேட்டு, அதே பதிலைப் பெறுகிறது. இரண்டும் எழுதுகின்றன. நிரலில் எத்தனை `if` வைத்தாலும் இந்த இடைவெளி அடைபடாது, உங்கள் மடிக்கணினிச் சோதனையில் அது தெரியவும் தெரியாது. லிஸ்ட்மங்க் இதை டேட்டாபேஸிடமே விட்டிருக்கிறது:

```sql
CREATE UNIQUE INDEX idx_subs_email
  ON subscribers(LOWER(email));
```

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தால் ஒரே ஆள் இருவராகும் சிக்கலும் இதிலேயே தீர்கிறது. ஒருபோதும் மீறக் கூடாத விதிகளுக்கு இடம் இதுதான். யூனிக், செக், ஃபாரின் கீ ஆகியவற்றை ஸ்டோர்டு ப்ரொசீஜர் கணக்கில் சேர்த்து ஒதுக்குவது இரண்டாம் வழிக்காரர்கள் செய்யும் பெரிய பிழை என்பேன். அவை மைக்ரேஷன் கோப்பில் இருக்கும் ஒற்றை வரிகள், பராமரிப்பு ஏதும் கேட்பதில்லை.

அடிக்கடி மாறும் கொள்கைகள் வேறு வகை: எத்தனை மடல் திரும்பி வந்தால் முகவரியைத் தடுப்பது, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பன. இவை நிரலில் இருக்கட்டும். நிரல் ஒவ்வொரு வரியாக டேட்டாபேஸிடம் ஓடிக் கேட்கத் தொடங்கிவிட்டதா என்பதை `pg_stat_statements` காட்டிக்கொடுக்கும். ஓர் அழைப்புக்கு மிகக் குறைந்த நேரம், ஆனால் அழைப்புகளின் எண்ணிக்கை மலைபோல் இருந்தால், அந்த விதியை மொத்தமாக ஓடும் ஒரே கேள்வியாக்கி எஸ்.க்யூ.எல். கோப்புக்கு மாற்ற வேண்டும்.

ஸ்டோர்டு ப்ரொசீஜரைச் சிறு குழுவும் எடுக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. உங்கள் நிரல் அல்லாத இன்னொன்று, கணக்குப் பிரிவின் ஸ்கிரிப்டோ கூட்டாளி நிறுவனத்தின் சேவையோ, அதே அட்டவணையில் எழுதத் தொடங்கும்போது நிரலில் உள்ள விதி அதைக் கட்டுப்படுத்தாது. அப்போது அது பயன்படுத்தும் ரோலிடமிருந்து அட்டவணையில் எழுதும் உரிமையைப் பறித்துவிட்டு, விதியைத் தாங்கிய ஒரே ஃபங்ஷனை `SECURITY DEFINER` ஆக எழுதி, அந்த ரோலுக்கு அதன் மீது மட்டும் `EXECUTE` உரிமை தரலாம். புதிய ஃபங்ஷனை யாரும் அழைக்கலாம் என்பது போஸ்ட்கிரஸின் இயல்புநிலை. ஆகவே முதலில் `PUBLIC`-இடமிருந்து அந்த உரிமையை நீக்க வேண்டும். ஃபங்ஷனிலேயே `search_path` குறிப்பிட்டிருக்க வேண்டும், அதன் கோப்பு கிட்டில் இருந்து ஒவ்வொரு வெளியீட்டிலும் புதிதாக ஏற்றப்பட வேண்டும்.