மெயில் வருகிறது, எண்கள் வரவில்லை: ஓர் அமைப்புப் பக்கத்தின் மதிப்பீடு

ஆண்ட்ராய்டு கைபேசியில் ஜிமெயில் தடையின்றி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் கணினியில் சேர்த்த எண் கைபேசிக்கு வருவதில்லை. கைபேசியில் சேர்த்த எண் கணினியில் தெரிவதில்லை. இந்தக் கோளாறைச் சொன்னதும் விவரம் தெரிந்தவர்கள் கைகாட்டுவது ஒரே பக்கத்தை. Settings-க்குள் Passwords & accounts, அதில் கூகுள் கணக்கு, அதனுள் Account sync. சாம்சங் கைபேசிகளில் Accounts and backup வழியாக Manage accounts-க்குப் போனால் அதே பக்கம் கிடைக்கும். அங்கே Contacts என்ற சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பதே எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அந்தப் பக்கம் எவ்வளவு உண்மையைச் சொல்கிறது, எதை மறைக்கிறது, அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதலாமா என்பவை தனித்தனியே எடைபோட வேண்டியவை.

முதலில் அதன் அடிக்கட்டுமானம். 2009-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.0 பதிப்பு, ஒரு கணக்கையும் அந்தக் கணக்கின் தரவு வகைகளையும் பிரித்துவைத்தது. கணக்கு ஒன்றுதான், ஆனால் அஞ்சலை ஒத்திசைப்பது ஒரு நிரல், எண்களை ஒத்திசைப்பது வேறொரு நிரல், நாட்காட்டிக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனி அட்டவணை, தனித் தோல்வி. இந்தப் பிரிவினை சரியானது என்பது என் மதிப்பீடு. அலுவலகக் கணக்கின் அஞ்சல் மட்டும் போதும், அதன் முகவரிப் புத்தகம் என் கைபேசிக்குள் வேண்டாம் என்று ஒருவர் தீர்மானிக்க இது இடம் தருகிறது. நாட்காட்டி முடங்கினாலும் அஞ்சல் முடங்குவதில்லை. இந்த நன்மைக்குக் கொடுக்கும் விலை, பகுதித் தோல்வி வெளியே தெரிவதில்லை என்பது. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் அன்றே கவனித்திருப்போம். ஒன்று மட்டும் நின்றால், ஓடிக்கொண்டிருக்கும் மற்றவை நம்மை அமைதிப்படுத்திவிடுகின்றன.

அஞ்சல் வருவதைச் சாட்சியாகக் கொள்ளும்போது அதன் எல்லையை அளந்துகொள்ள வேண்டும். அது இணையம் இருக்கிறது என்று நிரூபிக்கிறது. கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகவில்லை என்றும் பெரும்பாலும் நிரூபிக்கிறது. ஆனால் எப்படி வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திரை பூட்டியிருக்கும்போதே புதிய அஞ்சலின் அறிவிப்பு வந்தால், கைபேசி முழுவதுக்குமான தானியங்கி ஒத்திசைவு இயங்குகிறது என்று ஊகிக்கலாம். செயலியைத் திறந்து திரையைக் கீழே இழுத்தால்தான் வருகிறது என்றால், Automatically sync app data என்ற தலைமைச் சுவிட்சே அணைந்திருக்கக்கூடும். அப்படியானால் Contacts என்ற கிளைச் சுவிட்சை எத்தனை முறை தட்டியும் பயனில்லை.

இன்னொரு வகைச் சாட்சி இதைவிட ஏமாற்றுவது. சிலர் ஜிமெயில் முகவரியை வேறொரு அஞ்சல் செயலியில் IMAP வழியாகச் சேர்த்திருப்பார்கள். IMAP அஞ்சலுக்கான நெறிமுறை. முகவரிப் புத்தகத்தைச் சுமக்கும் ஏற்பாடே அதில் இல்லை. கணக்குப் பட்டியலில் அந்த முகவரிக்குக் கீழே Google என்று இல்லாமல் Personal (IMAP) என்று எழுதியிருந்தால் தேட வேண்டிய சுவிட்சே அங்கு இருக்காது. பழுது என்று எதுவும் இல்லை. கூகுள் கணக்கு இன்னும் கைபேசிக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது Account sync பக்கத்தின் முகம். அதன் சிறப்பு, ஒவ்வொரு சுவிட்சின் கீழும் கடைசியாக ஒத்திசைத்த நேரத்தைத் தருவது. Gmail-க்குக் கீழே இன்றைய தேதியும் Contacts-க்குக் கீழே சென்ற மாதத் தேதியும் நின்றால், சுவிட்ச் எரிந்தாலும் வேலை நடக்கவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்த ஒரு வரிக்காகவே அந்தப் பக்கத்தை நான் மதிக்கிறேன். சுவிட்ச் எரிவது அனுமதி கொடுத்ததன் அடையாளம். தேதிதான் வேலை நடந்ததன் சான்று. சோதிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் சுவிட்சைப் பார்த்துவிட்டுத் தேதியைப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

குறைகள் இதைவிடக் கனமானவை. Contacts-க்கு அருகிலேயே People details என்ற சுவிட்ச் நிற்கிறது. இரண்டும் ஆட்களைப் பற்றியவை என்பதால், ஒன்று எரிவதைக் கண்டு மற்றதும் எரிகிறது என்று எண்ணுவது எளிது. எண்களைக் கொண்டுவருவது Contacts மட்டுமே. அடுத்து, ஒத்திசைவு தவறும்போது பக்கம் காரணம் சொல்வதில்லை. ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில் Sync is currently experiencing problems. It will be back shortly. என்ற வாசகம் வரும். என்ன சிக்கல், எப்போது சரியாகும், பயனர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் விடையில்லை. கூகுள் பிளே சேவைகளுக்கு எண்களைப் படிக்கும் அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் பயனரே அரை நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். அதைச் சொல்லாமல் காத்திருக்கச் சொல்வது நோயறியும் கருவிக்கு அழகல்ல.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, பக்கம் கேட்காத ஒரு கேள்வி: இந்த எண் எங்கே சேமிக்கப்பட்டது? ஆண்ட்ராய்டின் முகவரிப் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சேமிப்பிடம் உண்டு. அது கூகுள் கணக்காக இருக்கலாம், சிம் அட்டையாக இருக்கலாம், எந்தக் கணக்கையும் சேராமல் கைபேசியின் நினைவகமாகவும் இருக்கலாம். கூகுள் கணக்கின் Contacts சுவிட்ச் ஆள்வது முதல் வகையை மட்டுமே. மற்ற இரண்டும் பார்வைக்கு ஒரே பட்டியலில் கலந்து நிற்கும். ஆனால் அந்தச் சுவிட்சின் எல்லைக்குள் வரா.

நடைமுறையில் இது எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். துணிக்கடை நடத்தும் ஒருவர் புதிய கைபேசி வாங்குகிறார். பழைய எண்கள் எல்லாம் வந்துவிட்டன. அதன்பின் சேர்த்த வாடிக்கையாளர் எண்கள் மட்டும் கடைக் கணினியில் தெரியவில்லை. அஞ்சல் ஒழுங்காக வருகிறது. Contacts சுவிட்ச் எரிகிறது. அதன் கீழே இன்றைய தேதி. பக்கத்தின் தீர்ப்பு ‘எல்லாம் நலம்’.

இங்கே உதவுவது இருவழிச் சோதனை. கணினியில் contacts.google.com-ஐத் திறந்து ‘சோதனை கணினி’ என்று ஒரு பதிவு சேர்க்க வேண்டும். கைபேசியில் ‘சோதனை கைபேசி’ என்று இன்னொன்று. சேர்க்கும்போது திரையின் மேற்பகுதியில் எங்கே சேமிக்க என்ற இடத்தில் கூகுள் கணக்கைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சில நிமிடம் பொறுத்து இரண்டு பக்கமும் பார்க்கலாம். இரண்டுமே கடக்கவில்லை என்றால் குற்றவாளி சுவிட்ச், தலைமைச் சுவிட்ச், அனுமதி ஆகியவற்றில் ஒன்று. இரண்டும் கடந்துவிட்டன, முன்பு கைபேசியில் சேர்த்த பதிவுகள் மட்டும் நகரவில்லை என்றால் ஒத்திசைவில் குறையே இல்லை. அந்தப் பதிவுகள் வேறு இடத்தில் சேமிக்கப்பட்டவை. கடைக்காரர் வழக்கில் நிகழ்வது இரண்டாவது. புதிய கைபேசியில் முதல் எண்ணைச் சேர்த்தபோது எங்கே சேமிப்பது என்று செயலி கேட்டிருக்கும். கைபேசி என்பதைத் தொட்டிருப்பார். அதுவே அன்றிலிருந்து இயல்பு இடமாகிவிட்டது. அவற்றை .vcf கோப்பாக ஏற்றுமதி செய்து, கூகுள் கணக்கைக் குறிப்பிட்டு இறக்குமதி செய்தால் கணினியில் தெரியும். சாம்சங் செயலியில் Manage contacts என்பதற்குள் Move contacts என்ற நேர்வழியே இருக்கிறது. பிறகு இயல்பு இடத்தையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் நாளை சேர்க்கும் எண் மறுபடி அங்கேயே போகும்.

ஐபோன் இதே சிக்கலை வேறுவிதமாகக் கையாள்கிறது. கூகுள் கணக்கின் கீழ் Mail, Contacts, Calendars, Notes என்ற நான்கு சுவிட்சுகள். குழப்பும் ஐந்தாவது பெயர் இல்லை. Contacts-ஐ அணைத்தால் அந்தக் கணக்கின் எண்கள் கைபேசியிலிருந்து நீங்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. விளைவைச் சொல்வதில் இது நேர்மையானது. ஆனால் கடைசியாக எப்போது ஒத்திசைத்தது என்ற தேதியை அது அங்கே காட்டுவதில்லை. கூகுளின் எண்கள் ஐபோனுக்கு CardDAV நெறிமுறை வழியாக, அமைத்த இடைவெளியில் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. Fetch New Data பகுதியில் Automatically என்று வைத்திருந்தால், மின்னேற்றத்திலும் வைஃபையிலும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் இழுக்கும். பகல் முழுவதும் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியில் மாலைவரை எண் வராததற்கு இதுவே காரணமாகலாம், சுவிட்சில் குறையிருக்காது. தெளிவில் ஐபோன் மேல். சான்று தருவதில் ஆண்ட்ராய்டு மேல்.

பரவலாகச் சொல்லப்படும் வைத்தியங்களையும் இதே தராசில் வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்துப் போடுவது ஐபோனில் எண்களை ஒருமுறை நீக்கி மீண்டும் கொண்டுவரும். ஆண்ட்ராய்டில் அணைத்தபின் எண்கள் தங்குமா என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. கணினியில் எண்கள் பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் செய்தால் அபாயமில்லை. கணக்கை நீக்கி மறுபடி சேர்ப்பது அதைவிட வலியது. இன்னும் மேலே போகாத மாற்றங்கள் அதோடு அழியும். Contacts Storage செயலியின் தரவை அழிக்கச் சொல்லும் வைத்தியத்தை நான் ஏற்கவில்லை. எந்தக் கணக்கையும் சேராத, கைபேசியில் மட்டும் இருக்கும் எண்கள் இருப்பது அந்தச் செயலியின் தரவில்தான். கடைக்காரர் அதைச் செய்திருந்தால் அவர் தேடிய வாடிக்கையாளர் எண்கள் ஒன்றும் மிஞ்சியிருக்காது. காணாமல்போன பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியுமுன் அந்த இடத்தையே காலிசெய்யும் முறை அது.

ஆகவே Account sync பக்கம் நல்ல கட்டமைப்பின் மேல் நிற்கும் அரைகுறைக் கருவி. அதைச் சோதிப்பது அவசியம், போதுமானதல்ல. சுவிட்சுக்குப் பக்கத்தில் ‘கூகுளில் இத்தனை எண், கைபேசியில் மட்டும் இத்தனை எண்’ என்று இரண்டு எண்ணிக்கையை அது காட்டியிருந்தால், மேலே விவரித்த சோதனைக்கே தேவை வந்திராது. அந்த எண்ணிக்கைக்கான தகவல் கைபேசியிடம் ஏற்கெனவே இருக்கிறது; ஒவ்வொரு பதிவும் எந்தக் கணக்கைச் சேர்ந்தது, அல்லது எதையும் சேராதது என்பது அதில் பதிவாகியிருக்கிறது.