யூரிக் அமிலத்தை வென்ற மாத்திரை

கௌட் மூட்டுவலிக்குத் தரும் அலோபியூரினால் மாத்திரையைத்தான் லெஷ்–நைஹன் நோயுள்ள சிறுவர்களுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொடுத்து வருகிறார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்குகிறது, சிறுநீரகம் தப்புகிறது. ஆனால் பிள்ளை தன் உதட்டையும் விரலையும் கடித்துக் குதறுவது நிற்பதில்லை. இந்தச் சிகிச்சையை எடைபோட, நோய் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் செல்களில் பழைய டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் சிதையும்போது ஹைப்போசாந்தின், குவானின் என்ற பியூரின்கள் மிஞ்சுகின்றன. அவற்றைச் செல் வீணாக்குவதில்லை. ஹெச்.பி.ஆர்.டி. என்ற என்சைம், பி.ஆர்.பி.பி. என்ற சர்க்கரைப் பாஸ்பேட்டை அவற்றுடன் ஒட்டி, ஒரே படியில் மீண்டும் நியூக்ளியோட்டைடாக்கிவிடும். இதுதான் மீட்பு வழி. அதையே புதிதாகக் கட்டுவதென்றால் பத்துப் படிகள், ஏராளமான ஆற்றல் செலவு.

இந்த என்சைமுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆகவே நோய் ஏறக்குறைய முழுவதும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. தாய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமல் பழுதான மரபணுவைச் சுமந்திருப்பார். என்சைம் இல்லாதபோது இரண்டு கேடுகள் ஒன்றுசேர்கின்றன. மீட்கப்படாத பியூரின் எல்லாம் யூரிக் அமிலமாகிறது. செலவாகாத பி.ஆர்.பி.பி. குவிந்து, புதிய பியூரின் உற்பத்தியை இன்னும் தூண்டுகிறது. அதற்குத் தடைபோட வேண்டிய நியூக்ளியோட்டைடுகளோ குறைந்துகிடக்கின்றன. உடல் தேவைக்கு மேல் பியூரினைத் தயாரித்துத் தயாரித்து எரிக்கிறது.

அலோபியூரினால் தடுப்பது கடைசிப் படியை மட்டும். ஹைப்போசாந்தினைச் சாந்தினாகவும், சாந்தினை யூரிக் அமிலமாகவும் மாற்றும் சாந்தின் ஆக்சிடேஸை அது முடக்குகிறது. கௌட் நோயாளியிடம் இதற்கு இன்னொரு பலனும் உண்டு: தேங்கும் ஹைப்போசாந்தினை மீட்பு என்சைம் எடுத்துக்கொள்வதால் புதிய உற்பத்தியும் தணிகிறது. லெஷ்–நைஹன் பிள்ளையிடம் அந்த என்சைமே இல்லை. அதனால் மொத்தப் பியூரின் வெளியேற்றம் குறையாது. யூரிக் அமிலத்துக்குப் பதில் ஹைப்போசாந்தினும் சாந்தினும் சிறுநீரில் போகும். ஹைப்போசாந்தின் நன்றாகக் கரையும், தொல்லை இல்லை. சாந்தின் அவ்வளவு கரையாது. மாத்திரை அளவு மிஞ்சினால் யூரிக் அமிலக் கல்லைத் தவிர்த்துச் சாந்தின் கல்லை வரவழைத்த கதையாகிவிடும். கௌட்டில் பழகிய கை, யூரிக் அமில எண்ணைப் பார்த்து மட்டும் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் இங்கே பிழையாகும். தண்ணீர் நிறையக் கொடுத்து, சிறுநீரிலுள்ள பியூரின்களையும் அளந்து அளவை நிர்ணயிப்பதே சரி.

இவ்வளவும் சிறுநீரகக் கணக்கு. அதில் இந்த மாத்திரைக்கு முழு மதிப்பெண் தரலாம். இது இல்லாத காலத்தில் சிறுநீரகம் செயலிழந்தே பல பிள்ளைகள் இறந்தனர். மூளைக் கணக்கு வேறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவ மாணவராக இருந்த மைக்கேல் லெஷும் ஆசிரியர் வில்லியம் நைஹனும் 1964இல் இரு சகோதரர்களிடம் இந்நோயை விவரித்தார்கள். எந்த என்சைம் குறை என்பதை 1967இல் சீக்மில்லர் குழு கண்டது. யூரிக் அமிலம் மூளையைக் கெடுக்கிறது என்றால், பிறந்த உடனே மாத்திரை தொடங்கியவர்களுக்காவது நரம்புக் கோளாறு வந்திருக்கக் கூடாது. அவர்களுக்கும் வந்தது. குற்றவாளி யூரிக் அமிலம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, அசைவைக் கட்டுப்படுத்தும் அடித்தளப் பகுதிகளில் டோபமின் வெகுவாகக் குறைந்திருந்தது. மீட்பு வழி நின்றால் டோபமின் ஏன் குறைகிறது என்ற கண்ணி இன்றுவரை முழுதாக இணையவில்லை.

கடிப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வயதில் தொடங்குகிறது. இவர்களுக்கு வலி நன்றாகவே தெரியும். கடித்துவிட்டு அலறுவார்கள், கையைக் கட்டச் சொல்லித் தாங்களே கேட்பார்கள், கட்டை அவிழ்த்தால் பதறுவார்கள். வெளியாளுக்குக் கொடுமையாகத் தெரியும் அந்தக் கட்டு, பிள்ளைக்கு நிம்மதி. உதடு சிதையும் நிலையில் பற்களைப் பிடுங்குவதும் உண்டு. இது இரக்கமற்ற வழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறெதுவும் கைகொடுக்காதபோது செய்வது அது.

கண்டறிவதிலும் யூரிக் அமிலத்தை நம்பி ஏமாறலாம். குழந்தையின் சிறுநீரகம் அதை வேகமாக வெளியேற்றுவதால் ரத்த அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். பிறந்த சில நாட்களில் நாப்கினில் ஆரஞ்சு மணல் தெரிவது ஆரோக்கியமான சிசுக்களிடமும் சகஜம். அது நீடித்து, கழுத்தும் நிற்காமல் போனால் சந்தேகப்பட வேண்டும். சிறுநீரில் யூரிக் அமிலத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் துப்பு தரும். என்சைம் அளவும் மரபணுச் சோதனையும் உறுதி செய்யும்.

அந்த என்சைம் அளவில்தான் இந்தச் சிகிச்சையின் எல்லை வெளிப்படுகிறது. முழு நோயுள்ளவர்களிடம் என்சைம் செயல்பாடு 1.5 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. அதைவிடச் சிறிது கூடுதலாக வைத்திருப்பவர்களுக்கு அசைவுக் கோளாறு வரலாம், தன்னைக் கடிக்கும் வழக்கம் பொதுவாக வருவதில்லை. சுமார் 8 சதவீதத்தைத் தாண்டினால் கௌட்டும் கல்லும்தான். மூளைக்கு வேண்டியது அந்தச் சொற்ப என்சைம். அலோபியூரினால் அதில் ஒரு துளியையும் தராது. மாத்திரையைத் தொடங்கும் நாளிலேயே பெற்றோரிடம் இதைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் யூரிக் அமிலம் இறங்கிய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளை ஏன் இன்னும் கடிக்கிறான் என்று அவர்கள் மாத்திரையையோ தங்களையோ நொந்துகொள்வார்கள்.