வோல்ட்டு சொல்லும் பாதிக் கதை

பாட்டரி பழுது பார்க்கும் கடைகளிலும், இன்வெர்ட்டர் கையேடுகளிலும் ஒரு சிறு அட்டவணையை நீங்கள் கண்டிருக்கலாம். 12 வோல்ட் பாட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள், 12.65 வோல்ட் என்றால் முழு மின்னேற்றம், 12.45 என்றால் முக்கால், 12.24 என்றால் பாதி, 12.06 என்றால் கால், 11.89 என்றால் காலி என்று அது கூறும். இன்வெர்ட்டரின் முகப்பில் எரியும் நான்கு சிறு விளக்குகளும் பல சமயம் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. இந்த அட்டவணையை நம்பி நல்ல பாட்டரியைக் கழித்துக் கட்டியவர்களும் உண்டு. கெட்ட பாட்டரியை நல்லது என்று எண்ணி, நள்ளிரவு மின்வெட்டில் இருளில் அமர்ந்தவர்களும் உண்டு. எனவே இந்த முறையைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

முதலில் அட்டவணைக்கு உரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். அது வெறும் கற்பனையன்று. காரீய-அமில பாட்டரியில் கந்தக அமிலம் வெறும் ஊடகமாக மட்டும் இருப்பதில்லை. அதுவும் வேதிவினையில் பங்கு பெறுகிறது. மின்னிறக்கத்தின்போது அமிலம் தகடுகளுடன் சேர்ந்து காரீய சல்பேட்டாக மாற, எஞ்சிய திரவம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றத்தின்போது அமிலம் மீண்டும் திரவத்திற்குத் திரும்புகிறது. அமிலத்தின் செறிவு குறைந்தால் கலத்தின் மின்னியக்கு விசையும் குறைகிறது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: அமிலத்தின் ஒப்படர்த்தியுடன் 0.84ஐக் கூட்டினால் ஒரு கலத்தின் வோல்ட் ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஒப்படர்த்தி 1.265 எனில் ஒரு கலத்திற்கு 2.105 வோல்ட், ஆறு கலங்களுக்கு 12.63 வோல்ட். அட்டவணையின் முதல் வரி இதுவே அன்றோ?

ஆனால் இந்தக் கணக்கை ஊன்றிக் கவனியுங்கள். வோல்ட் நமக்குத் தெரிவிப்பது அமிலத்தின் செறிவை மட்டுமே. பாட்டரியில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பது அளவு பற்றிய கேள்வி. ஒரு கரண்டி ரசத்தைச் சுவைத்துப் பார்த்தால் அதில் உப்பு எவ்வளவு உறைப்பாக இருக்கிறது என்று சொல்லலாம். பானையில் இன்னும் எத்தனை தம்ளர் ரசம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? செறிவிலிருந்து அளவை ஊகிக்கச் சில நிபந்தனைகள் வேண்டும். அவற்றை அட்டவணை கூறுவதில்லை. குறை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நிபந்தனை, முழு மின்னேற்றத்தில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.265 ஆக இருக்க வேண்டும் என்பது. மிதமான தட்பவெப்பமுள்ள நாடுகளின் கார் பாட்டரிகளுக்கு இது பொருந்தும். வெப்ப நாடுகளில் செறிந்த அமிலம் தகடுகளை விரைவில் அரித்துவிடும். ஆகவே நம் வீடுகளில் உள்ள குழல்தகடு இன்வெர்ட்டர் பாட்டரிகளில் முழு மின்னேற்றத்திற்கான ஒப்படர்த்தி பொதுவாக 1.240 அளவிலேயே இருக்கிறது. நம் கணக்கின்படி அதன் மின்னழுத்தம் 2.08 × 6 = 12.48 வோல்ட். இதை அட்டவணையில் வைத்துப் பாருங்கள்: 79 விழுக்காடு என்று வரும். முழுதும் நிரம்பிய பாட்டரி, ஒரு விளக்கையும் ஏற்றுமுன்பே, ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டதாகக் குற்றம் சாட்டப்படுகிறது.

இரண்டாவது நிபந்தனை, பாட்டரி ஓய்வில் இருக்க வேண்டும் என்பது. இதுதான் மிகவும் முக்கியமானது. மிகவும் மீறப்படுவதும் இதுவே. பள்ளி வகுப்பில் படித்த V = E − Ir என்ற சமன்பாட்டை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். E என்பது மின்னியக்கு விசை, I மின்னோட்டம், r பாட்டரியின் அகமின்தடை. அட்டவணை பேசுவது Eயைப் பற்றி. மின்னோட்டம் பாயும்போது மீட்டர் காட்டுவதோ Vயை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று முழு மின்னேற்றத்துடன் 12.48 வோல்ட்டில் நிற்கிறது. மின்வெட்டு ஏற்படுகிறது. நான்கு மின்விசிறிகள், சில விளக்குகள், ஒரு தொலைக்காட்சி என்று 400 வாட் வேலை அதன்மேல் விழுகிறது. இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 40 ஆம்பியர் வெளியேறும். அகமின்தடையை 6 மில்லி ஓம் என்று கொள்வோம். 40 × 0.006 = 0.24 வோல்ட். மீட்டர் உடனே 12.24க்கு இறங்கும். அட்டவணையில் அது சரியாகப் பாதி!

அந்த முதல் நொடியில் உண்மையில் செலவானது எவ்வளவு? 40 ஆம்பியர் ஒரு நொடி பாய்ந்தால் 40 கூலூம். பாட்டரியின் கொள்ளளவு 150 × 3600 = 5,40,000 கூலூம். பதின்மூவாயிரத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. அட்டவணையோ பாதி தீர்ந்தது என்கிறது. அட்டவணையின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே உள்ள இடைவெளியே 0.76 வோல்ட்தான். அதில் 0.24 வோல்ட் என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு குறுகிய அளவுகோலை வைத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய பிழையை எப்படித் தாங்குவது?

“அப்படியானால் r எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, Ir ஐக் கூட்டிவிட்டால் போயிற்று” என்று மாணவர்கள் சிலர் கூறக்கூடும். நல்ல யோசனைதான், ஆனால் அது உடனடி வீழ்ச்சியை மட்டுமே சரிசெய்யும். அதற்குப் பின் மெதுவான வீழ்ச்சி ஒன்று வருகிறது. தகடுகள் கடற்பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்தவை. வினை பெரும்பாலும் அந்தத் துளைகளுக்குள் நடைபெறுகிறது. அங்குள்ள அமிலம் விரைவில் நீர்த்துப் போகிறது. வெளியிலுள்ள செறிந்த அமிலம் விரவல் முறையில் மெல்ல மெல்லத்தான் உள்ளே செல்ல முடியும். மின்முனைகள் அறிவது துளைக்குள் இருக்கும் அமிலத்தின் செறிவையே. தொட்டி முழுவதன் சராசரியை அன்று. ஆகவே மின்னோட்டம் நீடிக்க நீடிக்க, உண்மையான செலவைவிட அதிகமாகவே வோல்ட் இறங்கிக் காட்டும்.

இதை நீங்களே சோதித்தறியலாம். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். எண் ஒரே தாவலாகச் சிறிது ஏறும். அது அகமின்தடையின் பங்கு. பிறகு பல மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து ஏறும். அது விரவலின் பங்கு. இதற்கிடையில் யாரும் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்யவில்லை. ஒன்றும் ஊற்றாமலே நீர்மட்டம் உயர்வதாகக் காட்டும் அளவுகோலை என்னவென்று சொல்வது?

மின்னேற்றத்தின்போது இதே பிழை எதிர்த்திசையில் நிகழ்கிறது. அப்போது துளைகளுக்குள் அமிலம் வெளியிலிருப்பதைவிடச் செறிவாக இருக்கும். மின்னேற்றியின் அழுத்தம் 13.8 அல்லது அதற்கும் மேலே இருக்கும். இணைப்பை நீக்கிய பின்னும் சில மணி நேரத்திற்கு, பாதியளவே நிரம்பிய பாட்டரிகூட முழுமையானது போல் நடிக்கும். அட்டவணை நேர்மையாகப் பேச வேண்டுமானால் பாட்டரிக்குப் பல மணி நேர ஓய்வு தேவை. ஆனால் வீட்டு இன்வெர்ட்டரில் மின்சாரம் இருந்தால் மின்னேற்றம், இல்லாவிட்டால் மின்னிறக்கம். ஓய்வு என்பதே அதற்கு வாய்ப்பதில்லை! ஓய்வு நிலைக்கென்று எழுதிய அட்டவணையை, ஓய்வே அறியாத பாட்டரிக்குப் பொருத்துகிறோம்.

மூன்றாவது நிபந்தனை மேலும் ஆழமானது. பாதி என்றால் எதில் பாதி? புதிதில் 150 ஆம்பியர்-மணி தந்த பாட்டரி, சில ஆண்டுகளில் தகட்டுப் பொருள் தொடர்பிழந்தும் உதிர்ந்தும் போக, 75 மட்டுமே தரக்கூடும். அமிலத்தின் செறிவு பழையபடியே இருந்தால், முழு மின்னேற்றத்துக்குப்பின் ஓய்வில் அதுவும் 12.48 வோல்ட் காட்டும். மீட்டரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. மின்வெட்டின்போதுதான் ஒன்று மூன்று மணி நேரமும் மற்றொன்று அதில் பாதியும் ஓடுகின்றன. வலுவிழந்த பாட்டரியில் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக அமிலத்தையே ஊற்றும் வழக்கமும் சில கடைகளில் உண்டு. செறிவு கூடும், வோல்ட் உயரும், வாடிக்கையாளர் மகிழ்வார். தகட்டில் ஒரு துளிப் பொருளும் கூடியிராது. அரிமானம் மட்டும் விரைவுபடும்.

“லித்தியம் பாட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை அல்லவா?” என்று கேட்பீர்கள். கைபேசியில் உள்ள வகையில் மின்னேற்றம் குறையக் குறைய வோல்ட் ஓரளவு சீராக இறங்குகிறது. அங்கே நிலைமை சற்று மேல். ஆனால் இப்போது இன்வெர்ட்டர்களுக்கு வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் நிலைமை இன்னும் மோசம். அது ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 70 வரை 3.3 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிடுகிறது. இடையே உள்ள வேறுபாடு நூறில் சில பங்கு வோல்ட்டே. போதாக்குறைக்கு, அதே மின்னேற்ற நிலைக்கு மின்னேற்றம் செய்து வந்தால் ஓர் எண்ணும், மின்னிறக்கம் செய்து வந்தால் வேறோர் எண்ணும் கிடைக்கும். சமவெளியில் நின்றுகொண்டு, கடல்மட்ட உயரத்தை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது போன்றது இது.

பின் என்னதான் செய்வது? மூடியைத் திறக்கக்கூடிய காரீய-அமில பாட்டரி எனில், திரவமானியால் ஒவ்வொரு கலத்தின் ஒப்படர்த்தியையும் நேரே அளக்கலாம். ஆறு கலங்களில் ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தால் அதுவே காட்டிக் கொடுக்கும். மொத்த வோல்ட் அதை மறைத்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். ஆனால் திரவமானியும் செறிவைத்தான் அளக்கிறது. கொள்ளளவை அன்று என்பதை மறக்க வேண்டாம்.

கொள்ளளவை அறிய ஒரே நேரிய வழி, மின்னேற்றம் முழுமையானபின் தெரிந்த மின்னோட்டத்தை ஓடவிட்டு மணிக்கணக்கைப் பார்ப்பது. 150 ஆம்பியர்-மணி என்ற முத்திரை, பெரும்பாலும் 7.5 ஆம்பியர் 20 மணி நேரம் என்பதையே குறிக்கும். மின்னோட்டம் மிகுந்தால் கிடைக்கும் மொத்தமும் குறையும். ஆகையால் 40 ஆம்பியரில் ஓட்டிவிட்டு 150 வரவில்லை என்று சினப்பது முறையன்று. ஆண்டுக்கொரு முறை ஒரே வேலைப்பளுவில் சோதித்து ஒப்பிட்டால் போதும்.

அன்றாட நிலையை அறிய, உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் ஆம்பியர்-மணியாக எண்ணும் கருவிகள் உள்ளன. வங்கிக் கணக்கு எழுதுவது போன்ற முறை இது. சிறு பிழைகள் நாளடைவில் சேர்ந்துவிடும் என்பதால், பாட்டரி முழுதும் நிரம்பும் ஒவ்வொரு முறையும் கணக்கை நேர்செய்ய வேண்டும். நிரம்பிவிட்டது என்பதை அறிவிக்கும் சாட்சியாக வோல்ட் அங்கே வந்து நிற்கிறது. அதுவே அதற்கு உரிய இடம். தனியொரு நீதிபதியாக அதை அமர்த்துவதே தவறு.

இனி ஒரு கடையில் யாரேனும் மீட்டரைத் தொட்டுவிட்டு, “ஐயா, பாட்டரி பாதிதான் இருக்கிறது” என்றால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு நேரம் ஓய்வில் இருந்தது? முழு நிலையில் இதன் ஒப்படர்த்தி எவ்வளவு? நீங்கள் சொல்லும் பாதி, இன்றைய கொள்ளளவில் பாதியா, புதிதில் இருந்த கொள்ளளவில் பாதியா? மூன்றுக்கும் விடை கிடைத்த பின்பு பணப்பையைத் திறந்தால் போதும்.