முத்து என்றும் குப்பை என்றும்

ஒரு பிள்ளை, இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள், இரண்டு செல்லப்பெயர்கள். தூத்துக்குடியில் நடந்த எங்கள் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் படிக்கப்பட்ட கைப்பிரதி இது. இன்னும் அச்சேறவில்லை, தலைப்பும் வைக்கவில்லை. எழுதியவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பதினொரு பக்கக் கதைக்கு இவ்வளவு நீளமான விமரிசனம் தேவையா என்று நண்பர்கள் கேட்கலாம். அன்றைக்குக் கூட்டத்தில் எல்லோரும் கதையை 'மதங்களைக் கடந்த மனிதநேயம்' என்று பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். பிரதியில் இருப்பது அதுவல்ல என்று எனக்குப் பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கதை 1961இல் நடக்கிறது. தூத்துக்குடியில் முத்துச்சலாபம் கடைசியாக நடந்த வருஷம் அது. ரெஜினாள் பரதவப் பெண், வேதக்காரி. புருஷன் குளியாள். பிள்ளை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள், மேற்கே கரிசல் காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவள். பெற்ற இரண்டையும் பறிகொடுத்தவள், அதில் மூத்தது அம்மையில் போனது. பின்கட்டில் ஒண்டியிருப்பவள் உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண். அவளுடைய மூன்று வயசுப் பையன்தான் பிள்ளை. தாய் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே இருட்டில் போய், வெயில் ஏறிய பிறகு வருகிறாள். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை இரண்டு அடுப்படிகளுக்கும் நடுவே வளர்கிறது. ரெஜினாள் அவனை 'முத்து' என்கிறாள். பேச்சி 'ஏலே குப்பை, இங்க வாலே' என்கிறாள்.

கூட்டத்து நண்பர்கள் இதை மதத்தின் பெயரால் பிரித்துவிட்டார்கள், கிறிஸ்தவப் பெயர் ஒன்று, இந்துப் பெயர் ஒன்று என்று. ஆனால் ரெஜினாள் வைத்தது ஞானஸ்நானப் பெயர் இல்லையே! 1530களில் இந்தக் கரையில் பரதவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள், 1542இல் சவேரியார் வந்து இறங்கினார். அதிலிருந்து நானூறு வருஷத்துக்கு மேலாகப் புனிதர் பெயர்களும் போர்ச்சுக்கீசியக் குடும்பப் பெயர்களும் இங்கே புழங்குகின்றன. அந்தக் களஞ்சியத்தில் ஒன்றையும் எடுக்காமல், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் வைத்துக்கொள்கிற 'முத்து'வை அவள் எடுக்கிறாள். எழுத்தாளர் இதை யோசித்துச் செய்தாரா, கை போன போக்கில் வந்துவிட்டதா, தெரியாது. எப்படியானாலும் பிரதிக்குள் மோதுவது இரண்டு மதங்கள் அல்ல. 'முத்து' என்ற ஒரே சொல்லின் இரண்டு அர்த்தங்கள் மோதுகின்றன.

கடற்கரையில் முத்து சிப்பியிலிருந்து வருவது. கரிசலில், முத்து அம்மன் போடுவது. அம்மைக் கொப்புளத்தை யாரும் கொப்புளம் என்று சொல்வதில்லை, 'முத்து போட்டிருக்கு' என்பார்கள், தணியும்போது 'முத்து இறங்குது' என்பார்கள். முத்துமாரி என்ற பெயருக்குள்ளும் இந்தச் சொல் இருக்கிறது. ஆகவே ரெஜினாள் சுவருக்கு அப்பாலிருந்து 'முத்தே... எஞ் செல்ல முத்தே' என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் பேச்சியின் காதில் விழுவது கொஞ்சல் அல்ல. தன் மூத்த பிள்ளையின் உடம்பு முழுக்க இருந்தது அது. கூப்பிட்டால் வந்துவிடுமே என்ற பயம்.

ரெஜினாளுக்கோ 'குப்பை' என்பது வசவு. அது எந்த வழக்கத்திலிருந்து வருகிறது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தியோ புரட்டியோ எடுத்து, குப்பை, பிச்சை என்று பெயரிடுவார்கள். மூக்கைக் குத்தி மூக்கன் என்பதும் உண்டு. வேண்டாத பண்டம்போலக் கிடந்தால் சாவு எட்டிப் பார்க்காது என்ற கணக்கு. பேச்சி தனக்கு இனிப் பிறக்காத பிள்ளையின் பெயரை அடுத்தவள் பிள்ளைக்கு வைத்துவிட்டாள். தாகூரின் 'காபூலிவாலா'வில் ரஹ்மத், மினியைத் தன் குதறிய வங்காளத்தில் 'கோக்கி' என்று கூப்பிடும்போது, ஊரில் விட்டுவந்த மகளும் சேர்ந்தேதான் கூப்பிடப்படுகிறாள். பேச்சியின் குப்பையும் அந்த ஜாதிதான்.

ஆனால் குப்பை என்ற பெயருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்த இதழின் வாசகர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. குப்பன், மண்ணாங்கட்டி என்ற பெயர்களைச் சேரிக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டவன், பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று கூப்பிடவில்லை. அதே சொல் தாயின் வாயில் காப்பு, ஆண்டையின் வாயில் அவமானம். பேச்சி அந்தச் சொல்லைச் சொல்ல முடிவது அவளும் அந்தப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே தரையில் இருப்பதால். ரெஜினாள் ஒரு மெத்தை வீட்டுக்காரியாக இருந்து 'குப்பை' என்று கூப்பிட்டிருந்தால் இது வேறு கதை.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில் தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிட, அவன் திரும்பிப் பார்க்கிற கணத்திலேயே தன்னிலையாக ஆகிவிடுகிறான் என்கிறார். நம் சிற்றிதழ்களில் ரொம்ப அடிபட்ட இடம் அது. இந்தக் கதைக்குப் பாதிதான் அது உதவுகிறது. காரணம், இங்கே பிள்ளை ஒழுங்காகத் திரும்புவதில்லை. நான்காம் பக்கத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். அவன் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக இரண்டு அடுப்பையும் பார்க்கிறான், ஆப்பம் இருக்கிற பக்கம் போகிறான். வயிறு நிறைந்திருந்தால் இரண்டு பெயருக்கும் திரும்புவதில்லை. அழைப்பை அதிகாரமாக மட்டும் பார்க்கிற கோட்பாட்டுக்குச் சோறு தெரியாது போல.

பிரதியின் ஆகச் சிறந்த இடம் சலாபம் வரும் ஆறாம் பக்கம். பாரிலிருந்து அள்ளிவந்த சிப்பியைக் கொட்டகையில் குவித்து நாள்கணக்கில் அழுக விடுகிறார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்து போகவேண்டும். பிறகு தண்ணீர் விட்டு அலசி, அடியில் தங்கும் மண்ணைச் சலித்தால்தான் முத்து. அதுவும் பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் கிடைக்காது. ரெஜினாள் அந்த நாற்றத்தைத் தலைமுடியில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குகிறாள். அவ்வளவுதான். 'குப்பையிலிருந்துதான் முத்து' என்று ஒரு வரி எழுதிக் காட்டியிருந்தால் நான் நோட்டை மூடிவைத்திருப்பேன். எழுதவில்லை.

சறுக்கல் எட்டாம் பக்கத்தில். பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் வயிற்றில் நாலைந்து கொப்புளம், அடுத்த நாள் முதுகில் புதுசாகச் சில, அதற்குள் முதலில் வந்தவை வாடுகின்றன. பத்து நாளில் வடு இல்லாமல் எழுந்துவிடுகிறான். இது சின்னம்மை. பெரியம்மையில் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் அடர்ந்து, எல்லாம் ஒரே பருவத்தில் முற்றும்; பிழைத்தவர் முகத்தில் தழும்பு நிற்கும். சின்னம்மையில் அவை உடம்பின் நடுப்பகுதியில் அதிகமாக, தவணை தவணையாகக் கிளம்பும். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது, அதைப் பார்க்காத தலைமுறைக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். 1961இல் அந்தச் சந்தில் குடியிருந்த, ஒரு பிள்ளையை அதில் பறிகொடுத்த பேச்சிக்குத் தெரியாமல் போகுமா? மூன்றாம் நாளே அவள் மூச்சு விட்டிருப்பாள். கதையோ பத்து நாளும் அவளைச் சாவுபயத்திலேயே வைத்திருக்கிறது. ஒன்று, கொப்புளத்தை மாற்ற வேண்டும். அல்லது பேச்சியின் பயத்தை மாற்ற வேண்டும். இரண்டாவதுதான் நல்லது. ஆபத்து விலகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும், ரெஜினாளுக்குத் தெரியாது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் அவள் வைத்துக்கொண்டிருந்தால் கதை இன்னும் கசப்பாகியிருக்கும்.

முடிவுக்கு வருகிறேன். பிள்ளை தலைமாட்டில் வேப்பிலை. ரெஜினாள் கொள்ளை நோய்க்கு நேர்ந்துகொள்ளும் செபஸ்தியாருக்கு மெழுகுவர்த்தி நேர்கிறாள். 'ஒம் பேருதான் இதக் கொண்டாந்தது' என்று ஒருத்தி, 'புள்ளயப் போயி குப்பைன்னா வெளங்குமா' என்று மற்றவள். ராத்திரியில் பேச்சி மெதுவாக 'முத்து' என்கிறாள். விடியும்போது ரெஜினாள் 'குப்பை' என்கிறாள். கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது இதற்குத்தான்.

இதில் பாதி நிஜம், பாதி ஜோடனை. பேச்சி 'முத்து' என்று சொல்வது நடக்கக்கூடியது. வந்துவிட்ட அம்மையை மரியாதையாக அழைத்துத்தான் வழியனுப்ப வேண்டும். அவள் பிள்ளையைக் கூப்பிடுகிறாளா, ஆத்தாளைக் கூப்பிடுகிறாளா என்பது அவளுக்கே தெரியாத இடம் அது. அந்த வரியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் ரெஜினாளுக்குக் 'குப்பை'க்குள் நுழைய என்ன வழி இருக்கிறது? அவள் பிள்ளையைச் சாகக் கொடுத்தவள் அல்ல, பிள்ளையே இல்லாதவள். அந்தச் சொல்லின் கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒருத்தி மாறினால் மற்றவளும் மாறவேண்டும் என்ற எழுத்தாளரின் சமத்துவ ஆசைதான் அவள் வாய்க்குள் அந்தச் சொல்லைத் திணித்திருக்கிறது. தராசு நேராக நின்றது, ரெஜினாள் செத்துப்போனாள்.

இதே மாவட்டத்தில், கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி அப்படிச் செய்யவில்லை. 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் பெயருக்கும் பக்கத்து வீட்டுக்கும் உள்ள உறவு தலைகீழ். அங்கே ஒரு பெயர், இரண்டு பேர். பணக்கார வீட்டுக்கு மாப்பிள்ளையாக ஒரு ராஜா தீபாவளிக்கு வருகிறார். ஏழை வீட்டுக்கு ராஜா என்ற அனாதைப் பையன் வந்து சேர்கிறான். அந்தப் பெயரை அவனுக்கு யாரும் இரக்கப்பட்டுச் சூட்டவில்லை, கேட்டபோது அவனே சொன்னான். மங்கம்மாள் கடைசியில் 'எங்க வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான்' என்று சொல்லும்போது இரண்டு வீடும் சமமாகிவிடுவதில்லை. வித்தியாசம் அப்படியே நிற்கிறது, சொல் மட்டும் அதன் குறுக்கே நடந்து போகிறது. முக்கியமாக, அந்தக் கதையில் தாயம்மாள் என்ற தாய் இருக்கிறாள். அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள்.

நம் கைப்பிரதியில் தாய் எங்கே? உப்பளத்துக்காரிக்குப் பெயர் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அவள் பிள்ளையை என்னவென்று கூப்பிடுகிறாள் என்பது பதினொரு பக்கத்திலும் இல்லை. அவளுடைய வேலைநேரம்தான் இந்த இரண்டு பெயர்களையும் உண்டாக்கியது. உப்புத்தண்ணீரில் நின்று நின்று புண்ணான காலோடு அவள் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே இரண்டு பேர் அவள் பிள்ளைக்குப் பெயர் வைத்துச் சண்டை போடுகிறார்கள். அம்மை வந்த பத்து நாளும் அவள் வேலைக்குப் போனாளா? போகாவிட்டால் கூலி? இதைக் கேட்காமல் 'மனிதநேயம்' என்று நாம் கைதட்டியிருக்கிறோம்.

டீக்கடையில் வைத்து எழுத்தாளரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'அவ கூப்பிடவே மாட்டா தோழர். அவ தெருமுனையில வரும்போதே அவனே ஓடிருவான்லா' என்றார். இதை ஏன் எழுதவில்லை என்றேன். கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை என்றார். எட்டாம் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திருத்தி, இதையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.