பெயரின் பின்பாதி

பாபநாசத்துக்கு அருகே திருப்பாலைத்துறை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரில் பாலை. ஆனால் ஊரைச் சுற்றிக் காவிரிப் பாசனத்து நெல்வயல்கள். அங்குள்ள சிவன் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது: செங்கல்லால் வட்டமாகக் கட்டி, மேலே கூம்பாக முடித்த கட்டடம். ஐந்திணையில் வறண்டது எது என்று கேட்டால் பள்ளிப்பிள்ளையும் பாலை என்று சொல்லும். அந்தப் பெயர் கொண்ட ஊரில்தான் மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்று சொல்லப்படுகிற களஞ்சியம்.

முரண் ஒன்றும் இல்லை. இந்தப் பாலை நிலமல்ல, மரம். கடற்கழி அருகே பழவேற்காட்டுப் பக்கம் இருக்கும் திருப்பாலைவனத்திலும் கோயில் மரம் பாலைதான். திணைகளுக்குப் பெயர் கொடுத்தவை செடி கொடி மரங்கள். அதே செடி கொடி மரங்கள் திணையோடு தொடர்பில்லாமல் தனியாகவும் ஊர்களுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டே இருந்தன. கோவைக்கு மேற்கே மருதமலையைப் பாருங்கள். இடம் மலை, தெய்வம் குறிஞ்சிக்குரிய முருகன், பெயரிலோ வயல்நிலத்து மருதம். இங்கும் மரம்தான் காரணம். திருமுல்லைவாயில் இரண்டு உண்டு. ஆவடிப் பக்கத்துத் திருமுல்லைவாயிலில் தொண்டைமானின் யானைக்காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகத் தலக்கதை. மற்றொன்று சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது. ஈழத்து முல்லைத்தீவுக்கும் எதிரே கடல்தான்.

சில இடங்களில் பெயரும் நிலமும் ஒத்துப்போகும். அதுவும் மரத்தின் குணத்தால்தான். மருதமரம் ஆற்றங்கரையை விரும்புவது. அதனால் காவிரிக்கரைத் திருவிடைமருதூரும் தாமிரபரணிக்கரைத் திருப்புடைமருதூரும் மரத்தின் பெயரைச் சொல்லும்போதே நிலத்தையும் சொல்லிவிடுகின்றன. பழம்புலவர்கள் வயல்நிலத்துக்கு இந்த மரத்தைத் தேர்ந்ததும் இதே காரணத்தால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஊர்ப்பெயரில் திணையைத் தேடுகிறவர் முன்பாதியில் மயங்காமல் பின்பாதியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலத்திலும் மக்கள் கூடி வாழ்ந்த இடத்துக்குத் தனித்தனிச் சொல் இருந்தது. தொல்காப்பியம் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணா, மா, மரம், புள், பறை என்று எண்ணிப் போகிறது. ஊரைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. பின்னால் வந்த நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் நூல்தான் ஊரையும் வரிசையில் வைத்தது. குறிஞ்சிக்குச் சிறுகுடி, குறிச்சி, முல்லைக்குப் பாடி, மருதத்துக்குப் பேரூர், மூதூர், நெய்தலுக்குப் பாக்கம், பட்டினம். இலக்கணம் வந்து ஊர்களுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போகவில்லை. பாட்டிலும் பேச்சிலும் வழங்கிய சொற்களை அது அடுக்கி வைத்தது.

இந்தச் சொற்களில் நெடுந்தூரம் நடந்தது குறிச்சி. பொதிகை அடிவாரத்து ஆழ்வார்குறிச்சி வரை கணக்குச் சரி. கல்லிடைக்குறிச்சியில் மலை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஊருக்குச் சோறு போடுவது தாமிரபரணி வயல். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனாலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் சமவெளி. ரா.பி. சேதுப்பிள்ளை 1946-இல் எழுதிய ‘ஊரும் பேரும்’ நூலில் குறிச்சி மலையைவிட்டு இறங்கிவந்ததைக் கவனித்திருக்கிறார். சொல் பழகிப்போனதும் மலை என்ற நிபந்தனை உதிர்ந்து, சிற்றூர் என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. எனவே குறிச்சி என்று கேட்டதும் குறவர் குடியிருப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அருகே மலை உண்டா, ஊரின் பழைய பிழைப்பு என்ன, கல்வெட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

முல்லையின் மணத்தைப் பாடியைவிடப் பட்டிதான் நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் எண்ணம். பாடி என்பது படை தங்கும் இடத்துக்கும் ஆகிவந்த சொல். ஆயர்பாடி தவிர மற்றப் பாடிகளைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பட்டி ஆடுமாடு அடைக்கும் இடம். நம்பி தந்த வரிசையில் அது இல்லை. ஆனால் உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, கோவில்பட்டி என்று மதுரைக்கு மேற்கிலும் தெற்கிலும் மேய்ச்சல் காடுகளாக இருந்த மானாவாரி நிலமெங்கும் பட்டிகள் நிறைந்திருக்கின்றன. பேருந்தில் தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போகிறவர் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் போதும். நல்லூர்களும் மங்கலங்களும் குறைந்து பட்டிகள் பெருகும்போது ஆற்றுப் பாசனம் பின்தங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

பாலைக்கு நிலையான நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வறண்டால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். நிலையாத நிலத்தில் ஊர்ப்பெயர் எப்படி நிலைக்கும்? பாலையோடு சேர்த்துச் சொல்லப்படும் சொல் பறந்தலை. சங்கப் பாட்டில் அது பெரும்பாலும் போர்க்களத்தோடு வரும். கரிகாலன் வென்ற வெண்ணிப்பறந்தலை அப்படிப்பட்டது. அந்த வெண்ணி நீடாமங்கலத்துக்கு அருகே, நெல் விளையும் பூமியில், இன்று கோயில்வெண்ணி. போர் வயலைப் பாழாக்கியபோது பறந்தலை ஒட்டிக்கொண்டது. உழவு திரும்பியதும் அந்தச் சொல் போய்விட்டது. வெண்ணி மட்டும் தங்கியது. ஒரு நிலம் திணை மாறித் திரும்பியதன் தடம் இந்தப் பெயரில் கிடைக்கிறது.

இதற்கு நேர் எதிர் நெய்தல். அதன் சொற்களில் பட்டினம் அசையவே இல்லை. நாகப்பட்டினம், காயல்பட்டினம், அதிராம்பட்டினம், குலசேகரன்பட்டினம் என்று கடற்கரை நெடுகப் பட்டினம் நிற்கிறது. பட்டினம், பாக்கம் இரண்டையும் ஒரே ஊரில் பொருத்திப் பார்க்க வேண்டுமானால் புகாருக்குப் போக வேண்டும். காவிரிப்பூம்பட்டினம் என்ற பெயரிலேயே மருதத்து ஆறும் நெய்தல் துறைமுகமும் சேர்ந்திருக்கின்றன. நகருக்குள் இரண்டு பகுதிகளைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம்: யவனர் வீடுகள், பண்டசாலைகள், மீன் விற்போர், உப்பு விற்போர், நெய்வோர், கொல்லர். உள்ளே பட்டினப்பாக்கம்: அரச வீதி, பெருவணிகர் மாடங்கள், அந்தணரும் உழவரும் வாழும் தெருக்கள். இரண்டுக்கும் நடுவே மரங்களே தூணாக நின்ற சோலையில் நாளங்காடி. உழவர் குடியிருந்த பகுதியும் பாக்கம் என்றே பெயர் பெற்றதைக் கவனியுங்கள். சிலப்பதிகாரக் காலத்திலேயே பாக்கம் உப்புக்காற்றைவிட்டுச் சில தெரு உள்ளே நடந்துவிட்டது.

தொண்டை நாட்டில் அது இன்னும் உள்ளே போனது. சென்னையில் கடலோரத்துப் பட்டினப்பாக்கத்துக்கு நெய்தல் கணக்குப் பொருந்தும். பழைய புகார்ப் பெயரை அப்படியே தாங்கி நிற்பது கூடுதல் சுவை. நுங்கம்பாக்கம், விருகம்பாக்கம், வில்லிவாக்கம் ஆகியவை கடலைப் பார்க்காத ஊர்கள். நுங்கம்பாக்கம் முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே வரும் பழைய ஊர். முன்பு அங்கே ஏரி இருந்தது. பின்னால் தூர்ந்து வீடுகளாகிவிட்டது. அந்த ஏரிப்படுகையில்தான் இன்று வள்ளுவர் கோட்டம். தொண்டை நாட்டு உள்நாட்டுப் பாக்கங்களில் பலவற்றுக்கு இப்படி ஓர் ஏரி உண்டு. கடலோரச் சொல் ஏரிக்கரைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், நீரின் பக்கத்துக் குடியிருப்பு என்ற பொருள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஊகிக்கிறேன். செங்கல்பட்டுப் பக்கத்துப் பாக்கங்களின் பழைய ஏரிகளை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தால் இந்த ஊகம் நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும்.