ஒரே செயலியைத் திறந்துவைத்து போனை நீட்டலாமா?

ஆண்ட்ராய்டு போன்களில் App pinning என்ற வசதி 2014-ல் லாலிபாப் பதிப்போடு வந்தது. அப்போது அதற்கு Screen pinning என்று பெயர். போனை இரவல் கேட்பவர் நீங்கள் திறந்துகொடுத்த ஒரு செயலியைத் தவிர வேறெங்கும் போகாதபடி நிறுத்திவைப்பது இதன் வேலை. தானாக இயங்காது, முதலில் நாம்தான் இயக்க வேண்டும். கலப்பில்லாத ஆண்ட்ராய்டில் Settings-க்குள் Security & privacy, அதற்குள் More security & privacy என்று போனால் கிடைக்கும். சாம்சங்கில் Other security settings-க்குள் Pin app என்று இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மூலையில் வைத்திருப்பதால், அமைப்புகளின் தேடல் பெட்டியில் pin என்று அடிப்பதே சுலபம்.

இயக்கும்போது அடியில் இன்னொரு சுவிட்ச் தெரியும்: Ask for PIN before unpinning. பலர் இதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இது அணைந்திருந்தால் மொத்த ஏற்பாடும் வீண். செயலி Pin ஆனதும், அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற குறிப்பை போனே திரையில் காட்டுகிறது. சைகையில் ஓடும் போன் என்றால் கீழிருந்து மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று பொத்தான் போன் என்றால் பின்செல்லும் பொத்தானையும் செயலிப் பட்டியல் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இரவல் வாங்கியவர் அதைப் படித்து அப்படியே செய்தால் போன் முழுதும் அவர் கையில். சுவிட்ச் இயங்கினால் வெளியேறிய கணமே போன் பூட்டிக்கொள்ளும்.

Pin செய்வது எளிது. செயலியைத் திறந்து, அண்மைச் செயலிகளின் பட்டியலுக்குப் போய், அந்த அட்டையின் தலையில் இருக்கும் சின்னத்தைத் தொட்டால் Pin என்று வரும். அதன்பின் முகப்புக்குப் போக முடியாது, வேறு செயலிக்குத் தாவ முடியாது, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுக்கவும் முடியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். போன் பிறர் கையில் இருக்கும்போது வங்கியின் ஓடிபி மேலே எட்டிப்பார்க்காது.

இதை நான் அதிகம் நம்புவது குழந்தைக்கு வீடியோ காட்டும்போது. ரயிலில் இரண்டு வயதுப் பையன் பாட்டு வீடியோ கேட்டு அழுகிறான் என்று வையுங்கள். யூடியூபை Pin செய்து கொடுத்தால் அவன் அதற்குள்ளேயே அடுத்த வீடியோ, விளம்பரம், கமெண்ட் என்று சுற்றுவான். பார்த்ததெல்லாம் உங்கள் கணக்கின் வரலாற்றில் ஏறி, ஒரு மாதத்துக்கு உங்களுக்கு யானைப் பாட்டாகவே பரிந்துரைக்கும். கேலரியில் வீடியோவைத் திறந்து கொடுப்பது அதைவிட மோசம். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் குடும்பப் படம் முழுதும் வரிசையாக வரும், அழிக்கும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. நான் செய்வது வேறு. வீடியோவை முன்பே போனில் இறக்கி, விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு, விஎல்சியை Pin செய்துவிடுவேன். விஎல்சியிலேயே தொடுதலைப் பூட்டும் வசதி இருக்கிறது. அதையும் போட்டு, விமான நிலைக்கு மாற்றிக் கொடுத்தால் பையன் திரையை நக்கினாலும் பாட்டு நிற்காது.

பெரியவர்கள் கையில் நிலைமை வேறு. App pinning அமைப்புப் பக்கத்திலேயே கூகுள் ஓர் எச்சரிக்கை எழுதிவைத்திருக்கிறது: Pin செய்த செயலி வேறு செயலிகளைத் திறக்கக்கூடும், தொடர்புகளும் மின்னஞ்சலும் போன்ற சொந்தத் தகவல்கள் தெரியக்கூடும். காரணம், ஆண்ட்ராய்டு இங்கே பூட்டுவது செயலியை அல்ல, அது ஓடும் பணியை. புதிய பணியாகக் கிளம்பும் எதையும் அது தடுக்கும். அதே பணிக்குள் அடுத்த திரையாக வருவதைத் தடுக்காது. பல செயலிகள் இணைப்பைத் தொட்டதும் குரோமைத் தனியாகத் திறக்காமல் தங்களுக்குள்ளேயே ஒரு பக்கமாக விரிக்கின்றன. அந்தப் பக்கம் உங்கள் குரோமின் குக்கிகளையே பயன்படுத்துகிறது. அதாவது நீங்கள் குரோமில் உள்நுழைந்திருக்கும் தளங்களில் அங்கேயும் உள்நுழைந்தே இருப்பீர்கள்.

வாட்ஸ்அப்பை Pin செய்து கொடுப்பதில் இந்த ஓட்டைக்குக்கூட வேலையில்லை. உங்கள் அத்தனை உரையாடலும் அந்த ஒரு செயலிக்குள்தான் இருக்கிறது.

இனி அழைப்பு. "அண்ணே, சார்ஜ் போயிடுச்சு, ஒரு கால் பண்ணிக்கிறேன்" என்று பேருந்து நிலையத்தில் கேட்பவருக்கு போன் செயலியை Pin செய்து கொடுப்பது சரியான வழிபோலத் தோன்றும். எனக்கு இது திருப்தி தரவில்லை. அழைப்புப் பட்டியலும் தொடர்புகளும் அப்படியே தெரியும். எண்பலகையில் எந்த எண்ணும் அடிக்கலாம், `*401*` என்று தொடங்கி ஓர் எண்ணை அடித்து உங்கள் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடுவதும் முன்பு நடந்தது. இந்த மோசடி பெருகியதால்தான் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் குறியீடு அடித்து அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்திவைக்கச் சொன்னது. ஆனால் போன் செயலியின் அமைப்புகளில் அழைப்புத் திருப்பும் பக்கம் இன்னும் இருக்கிறது, அங்கே போக இரவல்காரருக்குத் தடையில்லை.

இன்னொரு சிக்கல், அழைப்பு ஓடும்போது வரும் திரை. அது சில போன்களில் தனிப் பணியாகத் திறக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் App pinning அதையே மறித்துவிடும்: பேச்சு கேட்கும், துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் வராது. நீங்கள் செயலியை Pin செய்திருக்கும்போது வெளியிலிருந்து வரும் அழைப்புக்கும் இதே கதி நேரலாம். போனுக்குப் போன் மாறுவதால், வீட்டிலேயே போன் செயலியை Pin செய்து இன்னொரு போனுக்கு அடித்துப் பாருங்கள், அங்கிருந்து திரும்பவும் அடித்துப் பாருங்கள். பொத்தான்கள் வரவில்லையென்றால் அழைப்புக்கு இந்த வசதியை மறந்துவிடலாம். என் வழி பழையது: எண்ணைச் சொல்லச் சொல்லி நானே அடித்து, ஒலிபெருக்கியில் போட்டு, போனை என் கையிலேயே பிடித்துக்கொள்வது. கேட்டவர் உண்மையிலேயே அவசரத்தில் இருந்தால் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

நெடுநேரம் கொடுக்க வேண்டியிருந்தால் விருந்தினர் கணக்குதான் சரி. கூகுளின் எச்சரிக்கையும் அதையே சொல்கிறது. Settings-ல் System, அதற்குள் Users என்று போய் Guest-க்கு மாறினால் உங்கள் படங்கள், செய்திகள், கணக்குகள் எதுவும் இல்லாத வெறும் போன் கிடைக்கும். அழைப்பு செய்ய அனுமதிக்கலாமா என்பதற்கும் அங்கே தனிச் சுவிட்ச் உண்டு. மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஒரு நிமிட அழைப்புக்கு அது அதிகம். சாம்சங் போன்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதியே கிடையாது, அங்கே Pin app மட்டும்தான்.

ஐபோன் இந்த விஷயத்தில் முன்னே இருக்கிறது. 2012-ல் ஐஓஎஸ் 6-ல் வந்த Guided Access-ல் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தியதும், திரையில் எந்தப் பகுதி வேலை செய்யக் கூடாது என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டலாம்; தொடுதலையே மொத்தமாக அணைக்கலாம்; நேர வரம்பும் வைக்கலாம். யூடியூபில் வீடியோ ஓடும் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டு, கீழே இருக்கும் பரிந்துரைகள் அத்தனையையும் ஒரே வட்டத்தில் செத்துப்போகச் செய்ய முடிகிறது. ஆண்ட்ராய்டின் App pinning-ல் இப்படி வட்டம் போட வழியில்லை. செயலி முழுதாகத் திறந்திருக்கும், அதற்குள் எதை ஒளிப்பது என்பது உங்கள் பாடு.