ஓரெழுத்துக் கட்டளை

அரபியில் ஏவல் வினை, அதாவது ‘அம்ர்’, நிகழ்கால வினையைச் செதுக்கிச் செதுக்கி எடுக்கப்படுவது. எதைக் கழிக்கிறோம், கழித்தபின் மிஞ்சுவதை நாக்கு ஏற்கிறதா என்பதில்தான் அதன் அழகெல்லாம் இருக்கிறது.

‘தக்துபு’ என்றால் ‘நீ எழுதுகிறாய்’. ‘எழுது’ என்று சொல்ல, முதலில் கடைசி உகரத்தை நீக்க வேண்டும்: தக்துப். அடுத்து, முன்னிலையைக் காட்டும் ‘த’வை நீக்க வேண்டும். ‘க்துப்’ மிஞ்சும். ஒற்றில் தொடங்கும் சொல்லை அரபி நாக்கு ஏற்பதில்லை. நம் ஊரில் ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆவதுபோல, அங்கேயும் முன்னால் ஓர் உயிர் வந்து கைகொடுக்கிறது. எந்த உயிர் என்பதை வினையின் நடு எழுத்து சொல்லும். அதில் உகரம் இருந்தால் ‘உ’, மற்றபடி ‘இ’. ஆகவே தக்துபு ‘உக்துப்’ ஆகிறது. தஜ்லிஸு (உட்காருகிறாய்) ‘இஜ்லிஸ்’ ஆகிறது. தஃப்தஹு (திறக்கிறாய்) ‘இஃப்தஹ்’ ஆகிறது. இந்த உயிர் தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். முன்னால் ‘வ’ (மேலும்) வந்துவிட்டால் அது மறைந்து ‘வக்துப்’ என்றே ஒலிக்கும்.

முன்னிலைக்கு அரபியில் ஐந்து வடிவங்கள். ஆணிடம் உக்துப், பெண்ணிடம் உக்துபீ, இருவரிடம் உக்துபா, ஆண்கள் பலரிடம் உக்துபூ, பெண்கள் பலரிடம் உக்துப்ன. ‘தக்துபூன’வில் இருந்த ‘ன’ விழுந்துதான் உக்துபூ வந்தது. பெண்பன்மையில் மட்டும் ‘ன’ அசையாமல் நிற்கிறது. காரணம் எளிது: மற்ற இடங்களில் அது வினையின் நிலையைக் காட்டும் விகுதி, இங்கே ‘பெண்களே நீங்கள்’ என்னும் எழுவாயே அதுதான். படர்க்கையில் வருபவருக்கு இந்தச் செதுக்கல் கிடையாது. ‘அவன் எழுதட்டும்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘லி’ சேர்த்து ‘லியக்துப்’ என்றால் போதும்.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ‘துக்ரிமு’ (கண்ணியப்படுத்துகிறாய்). மேலே சொன்ன விதிப்படி ‘இக்ரிம்’ என்று எழுதிவிடுவார்கள். சரியான வடிவம் ‘அக்ரிம்’. முன்னொட்டு ‘த’ அல்ல, ‘து’ என்பதும், அதன் பின்னால் ஒற்று நிற்கிறது என்பதும் எச்சரிக்கை மணி. இறந்தகாலத்தில் இந்த வினை ‘அக்ரம’. நிகழ்காலத்தில் அந்த அகரம் தொலைந்துபோனது. முன்னொட்டு விலகியதும் அது தன் இடத்துக்குத் திரும்பி வருகிறது. இரவல் உயிர் இல்லை, வினைக்கே சொந்தம் என்பதால் ‘வ’ முன்னால் வந்தாலும் மறையாது: ‘வஅக்ரிம்’.

நலிந்த எழுத்துள்ள வினைகளில்தான் நுட்பம் கூடுகிறது. ‘தகூலு’ (சொல்கிறாய்) உகரத்தை இழந்தால் ‘தகூல்’. நெடிலுக்குப் பின் உயிரற்ற லகரம் நிற்பதை அரபி தாங்காது. நெடில் குறுகி, ‘த’வும் போய், ‘குல்’ ஆகிறது. முதல் எழுத்துக்கு உயிர் இருப்பதால் துணை எதுவும் வேண்டாம். பெண்ணிடம் சொல்லும்போது லகரம் ஈகாரம் ஏறி ‘கூலீ’ ஆகிறது. நெடில் உடனே மீண்டுவிடுகிறது. பெண்பன்மையில் லகரம் மறுபடி ஒற்றாவதால் ‘குல்ன’ என்று திரும்பவும் குறுகுகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

இந்தக் கழித்தலின் எல்லை ‘வகா’ (காத்தான்) என்னும் வினை. இதன் மூன்று எழுத்துகளில் முதலும் கடைசியும் நலிந்தவை. நிகழ்காலத்திலேயே முதல் வகரம் விழுந்து ‘தகீ’ ஆகிவிடும். ஏவலுக்காகக் கடைசி நெடிலைக் களைந்தால் ‘தகி’. முன்னொட்டையும் எடுத்தால் ‘கி’. ‘காப்பாற்று’ என்னும் முழு வாக்கியமும் ஓரெழுத்தில் அடங்கிவிட்டது. தமிழ் முஸ்லிம்கள் தொழுகையிலும் அதற்குப் பின்னும் கேட்கும் துஆவில் வரும் ‘வகினா’ என்ற சொல்லில் நடுவே இருப்பது இதுதான்: வ (மேலும்), கி (காப்பாயாக), னா (எங்களை). வடிவம் ஏவல்தான் என்றாலும், இறைவனை நோக்கி வரும்போது இலக்கணிகள் இதைக் கட்டளை என்று சொல்லாமல் வேண்டுதல் என்றே பெயரிடுவார்கள்.

ஐந்து வடிவங்களும் இதற்கு உண்டு. பெண்ணிடம் கீ, இருவரிடம் கியா, ஆண்கள் பலரிடம் கூ, பெண்கள் பலரிடம் கீன. ‘கூ’ என்பதைக் குர்ஆனின் 66ஆம் அத்தியாயத்தில் காணலாம்.

‘கி’ என்று சொல்லி அங்கேயே நிறுத்த நேர்ந்தால் ஒரு சிக்கல். அரபியில் சொல் உயிர் ஏறிய எழுத்தில் ஆரம்பித்து, நிறுத்தும்போது உயிரற்ற எழுத்தில் ஓய வேண்டும். ஒரே எழுத்தால் இரண்டையும் செய்ய முடியாது. அதற்காகவே இலக்கணிகள் பின்னால் ஓர் ‘ஹ்’ சேர்க்கச் சொன்னார்கள்: ‘கிஹ்’. அந்த ‘ஹ்’க்குப் பொருள் இல்லை. பேச்சு தொடர்ந்தால் அது விழுந்துவிடும்.